நிருபருக்கு நாங்கள் அனுப்பிய இரண்டு மெயில்கள்

கேள்வி: ஊர்ப் பிரச்சினை ஒன்றைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு மெயில் அனுப்பிப் பார்த்துவிட்டேன், ஒருத்தரும் பதில் போடவில்லை. நிருபர் படித்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுகிற மாதிரி எப்படி எழுதுவது?

நான் ஒரு பேரூராட்சியில் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கிறேன். 2021 கடைசியில் பெய்த மழையில் நூலகத்தின் கூரை ஒழுகி, படிக்கும் அறையைப் பூட்டிவிட்டார்கள். அதற்காக நாங்கள் இரண்டு முறை மெயில் எழுதினோம். முதலாவதற்கு ஒரு பதிலும் இல்லை, இரண்டாவதை அனுப்பிய அன்று சாயங்காலமே போன் வந்தது. இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்று சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதல் மெயில் இரண்டு பக்கம். நூலகம் எப்போது தொடங்கியது, எத்தனை பேர் அங்கே படித்து அரசு வேலைக்குப் போனார்கள் என்றெல்லாம் எழுதி, கடைசிப் பத்தியில்தான் கூரை ஒழுகுவதைச் சொல்லியிருந்தோம். பதினோரு பத்திரிகைகளின் பொது முகவரிக்கு ஒரே மெயிலாக அனுப்பினோம், எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரியும்படி. கலெக்டருக்குக் கொடுக்கும் மனுவையே பத்திரிகைக்கும் அனுப்பியது போல இருந்தது அது. மனுவைப் படிப்பவருக்கு நம் கஷ்டம் தெரிந்தால் போதும். நிருபருக்கோ அதை எடிட்டரிடம் ஒரே வரியில் சொல்ல முடிய வேண்டும். “ஒரு ஊரில் நூலகக் கூரை ஒழுகுகிறது” என்று சொன்னால் எடிட்டர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார், ஏனென்றால் ஒழுகுகிற அரசுக் கட்டிடம் எல்லா ஊரிலும் இருக்கிறது.

திருப்பம் வந்தது ஒரு வீட்டு வரி ரசீதிலிருந்து. வட்டத்து நண்பர் ஒருவர் ரசீதைக் காட்டி, “இதில் நூலக வரி என்று தனியாக வாங்குகிறார்களே, அந்தப் பணம் எங்கே போகிறது?” என்று கேட்டார். தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகச் சேர்த்து வசூலிக்கிறார்கள். அரையாண்டுக்கு 1,200 ரூபாய் வரி கட்டும் வீடு, நூலகத்துக்கென்று 120 ரூபாய் கட்டுகிறது. வசூலிப்பது உள்ளாட்சி அமைப்பு, ஆனால் பணம் அதனுடையது இல்லை, மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைத்தார்களா? இந்தக் கேள்விதான் எங்கள் செய்தியின் கோணம். கூரை அதன் பிறகு உதாரணமாக மட்டும் நின்றது.

சரி, கோணம் கிடைத்தால் போதாது, ஆதாரம் வேண்டும். 2022 ஏப்ரலில் தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு மனு போட்டோம், ஒவ்வொன்றிலும் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. பேரூராட்சியிடம் மூன்று நிதியாண்டுகளில் நூலக வரி எவ்வளவு வசூலானது, எவ்வளவு ஒப்படைத்தீர்கள் என்று கேட்டோம். மாவட்ட நூலக அலுவலகத்திடம் அதே ஆண்டுகளில் எங்கள் பேரூராட்சியிடமிருந்து எவ்வளவு வந்தது என்று கேட்டோம். ஒரே விஷயத்தைக் கொடுத்தவரிடமும் வாங்கியவரிடமும் கேட்டது பின்னால் பெரிய பலமாக இருந்தது. பதில் தர 30 நாள் கெடு. ஒரு பதில் கெடுவுக்குள் வந்தது, இன்னொன்றுக்கு முதல் மேல்முறையீடு வரை போக வேண்டியிருந்தது.

இங்கே ஒரு பெரிய தவறு செய்ய இருந்தோம். பேரூராட்சி கொடுத்த அட்டவணையில் கேட்பு, வசூல், நிலுவை என்று மூன்று பத்தி இருந்தது. நாங்கள் முதல் பத்தியில் இருந்த 20 லட்சத்து 40 ஆயிரத்தை எடுத்துக்கொண்டு, “20 லட்சம் வசூலித்துவிட்டு 5 லட்சம்தான் கொடுத்திருக்கிறார்கள்” என்று வரைவு எழுதிவிட்டோம். ஓய்வு பெற்ற பில் கலெக்டர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “தம்பி, கேட்பு என்றால் வர வேண்டியது, கைக்கு வந்தது வசூல் பத்தியில் இருக்கிறது பாருங்கள்” என்றார். வந்தது 14 லட்சத்து 10 ஆயிரம்தான். பழைய எண்ணோடு மெயில் போயிருந்தால் செயல் அலுவலர் ஒரே பதிலில் எங்கள் செய்தியை உடைத்திருப்பார், அந்த நிருபரும் எங்களை மறுபடி நம்பியிருக்க மாட்டார். (ஊர் தெரிந்துவிடக் கூடாது என்பதால் இங்கே தொகைகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், விகிதம் ஏறக்குறைய அதேதான்.)

அப்புறம் யாருக்கு அனுப்புவது? இந்த முறை பொது முகவரியை விட்டுவிட்டோம். எங்கள் மாவட்டத்தில் உள்ளாட்சி பற்றி யார் எழுதுகிறார்கள் என்று ஒரு மாதம் பேப்பரைப் பார்த்தோம். ஒரு நிருபர் பக்கத்து நகராட்சியின் குடிநீர்க் கட்டண நிலுவை பற்றிக் கணக்கோடு எழுதியிருந்தார். அட்டவணையைப் பொறுமையாகப் படிக்கக் கூடியவர் என்று தெரிந்தது. அவர் ஒருவருக்கு மட்டும் அனுப்பினோம். மெயில் இதுதான், பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்:

> சப்ஜெக்ட்: நூலக வரி வசூல் 14.1 லட்சம், ஒப்படைத்தது 5 லட்சம் – ஆர்.டி.ஐ. பதில்கள்
>
> வணக்கம் சார்,
>
> எங்கள் பேரூராட்சி 2019-20 முதல் 2021-22 வரை மக்களிடம் நூலக வரியாக ரூ.14.10 லட்சம் வசூலித்திருக்கிறது. மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது ரூ.5 லட்சம், அதுவும் முதல் ஆண்டில் மட்டும். ரூ.9.10 லட்சம் இன்னும் போகவில்லை. பேரூராட்சியும் மாவட்ட நூலக அலுவலகமும் தனித்தனியே கொடுத்த பதில்கள் இதில் ஒத்துப்போகின்றன.
>
> இந்த ஏப்ரல் முதல் சொத்து வரி உயர்ந்திருக்கிறது. நூலக வரி அதில் பத்து சதவீதம் என்பதால் அதுவும் கூடவே உயர்கிறது. 25 சதவீத உயர்வில் வரும் வீட்டுக்குக்கூட அரையாண்டுக்கு 120 ரூபாய் 150 ஆகிறது. மக்கள் கூடுதலாகக் கட்டப்போகும் நேரத்தில் பழைய தொகையே போய்ச் சேரவில்லை.
>
> எங்கள் கிளை நூலகத்தின் படிக்கும் அறை கூரை ஒழுகியதால் கடந்த நவம்பரிலிருந்து பூட்டியிருக்கிறது. நிலுவைத் தொகை வந்தாலும் அது மாவட்டம் முழுவதற்குமான நிதிக்குத்தான் போகும், எங்கள் கூரைக்கு நேராக வராது என்பதும் எங்களுக்குத் தெரியும்.
>
> பணம் ஏன் போகவில்லை, வேறு செலவுக்குப் போனதா என்பது எங்களுக்குத் தெரியாது. பதில்களில் அது இல்லை.
>
> இரண்டு பதில்களின் நகலும் பூட்டிய அறையின் படங்கள் இரண்டும் இணைப்பில். நீங்கள் வந்தால் தினமும் அங்கே படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவிகள் பேசத் தயார், அவர்கள் வீட்டிலும் சம்மதம் வாங்கியிருக்கிறோம். இதை வேறு யாருக்கும் அனுப்பவில்லை. அடுத்த வெள்ளி வரை உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

இதில் நான் முக்கியமாக நினைப்பது “எங்களுக்குத் தெரியாது” என்கிற பத்தி. அதை வைப்பதா வேண்டாமா என்று வட்டத்தில் சண்டையே நடந்தது. “பணத்தைச் சுருட்டிவிட்டார்கள் என்று எழுதினால்தான் சூடு இருக்கும்” என்றார் ஒருவர். ஆனால் எங்கள் கையில் இருந்த காகிதம் பணம் போய்ச் சேரவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. சம்பளத்துக்கோ தெருவிளக்குக் கட்டணத்துக்கோ பயன்படுத்தியிருக்கலாம், கணக்கிலேயே சும்மா கிடக்கலாம். நாம் ஆதாரத்தைத் தாண்டி ஒரு சொல் எழுதினால் அவதூறு வழக்கு யார் மேல் வரும் என்றுதான் நிருபர் முதலில் யோசிப்பார். காகிதம் எங்கே முடிகிறதோ அங்கே நாமே கோடு போட்டுக் காட்டினால், மிச்சத்தைத் தேடுவது அவருக்கு வேலையாகக் கிடைக்கிறது. போனில் அவர் முதலில் பேசியதே இந்தப் பத்தியைப் பற்றித்தான்.

“ஏன் இப்போது” என்பதற்கு விடை இல்லாத மெயிலை நிருபர் அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிடுவார். எங்களுக்கு வரி உயர்வு அந்த விடையைக் கொடுத்தது. உங்கள் விஷயத்தில் அது ஒரு பட்ஜெட் கூட்டமாக, பள்ளி திறக்கும் நாளாக, ஒரு கெடு முடியும் தேதியாக இருக்கலாம். அப்படி எதுவும் இல்லாவிட்டால் வலிந்து ஒட்டாதீர்கள், அது முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிடும்.

போனில் அவர் கேட்ட இன்னொரு கேள்விக்கு நாங்கள் தயாராக இல்லை. “இந்த மூன்று வருஷமும் யார் நிர்வாகம்?” என்றார். நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2016 கடைசியிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கிடையாது, தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். அதாவது புதிதாக வந்த தலைவர் மேல் இந்த நிலுவைக்காகக் குற்றம் சொல்ல முடியாது. அது மெயிலிலேயே இருந்திருக்க வேண்டும். நம் கணக்கு எந்தக் காலத்தைச் சேர்ந்தது, அப்போது பொறுப்பில் இருந்தது யார் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். எதிர்த்தரப்பு சொல்லப்போகும் பதிலை முன்கூட்டியே யோசித்துப் பார்க்கவும் அது உதவும், ஏனென்றால் நிருபர் அவர்களிடமும் கட்டாயம் கேட்பார், கேட்டதைப் போடவும் செய்வார்.

நீங்கள் குறித்த நாள் வரை பதில் வராவிட்டால், அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரியில் ஒரு முறை நினைவூட்டுங்கள். “வேண்டாமென்றால் சொல்லுங்கள், வேறொருவருக்கு அனுப்புகிறோம்” என்று எழுதினால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்குப் போகலாம். வேறு யாருக்கும் அனுப்பவில்லை என்று சொல்லிவிட்டு அதே நாளில் நாலு பேருக்கு அனுப்புவதை மட்டும் செய்யாதீர்கள். மாவட்ட நிருபர்கள் ஒருவருக்கொருவர் தினமும் பேசிக்கொள்கிறவர்கள்.

செய்தி பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. எங்கள் வட்டத்தின் பெயர் அதில் இல்லை, கூரைக்கு ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் அவர் மாவட்டத்தின் மற்ற பேரூராட்சிகளையும் விசாரித்து, இன்னும் இரண்டு இடங்களில் இதே நிலை என்று சேர்த்திருந்தார், அது நாங்கள் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. நிதி நெருக்கடியால் தாமதம், தவணையில் செலுத்துகிறோம் என்று எங்கள் பேரூராட்சி தரப்பு சொன்னதும் அதிலேயே இருந்தது. அதற்குப் பிறகு ஒரு தவணை போனதாக நூலகர் சொன்னார். வாய்ச்சொல்லாக இருப்பதால் அதற்கும் ஒரு ஆர்.டி.ஐ. மனு போட்டு, வந்த பதிலின் நகலை அந்த நிருபருக்கே அனுப்பி வைத்தோம்.