போகச் சொல்லும் கார்டும் போகாதே என்னும் கார்டும்

“புதுச்சேரி வேலையை விட்டுவிட்டு கடலூரில் அம்மா வீட்டுக்குப் போய் தையல் கடை போடலாமா என்று கேட்டு 5 டாரோட் கார்டு எடுத்தேன். இப்போதைய நிலை: ஃபோர் ஆஃப் பென்டக்கிள்ஸ். தடை: சன். உள்ளே இருப்பது: எயிட் ஆஃப் கப்ஸ். ஆலோசனை: டூ ஆஃப் பென்டக்கிள்ஸ். போகும் திசை: சிக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ். ஒன்று பிடித்துக்கொள் என்கிறது, ஒன்று விட்டுப் போ என்கிறது. தெளிவுக்காக இன்னும் 3 கார்டு எடுத்தேன், குழப்பம்தான் கூடியது. எதை நம்புவது?”
– வாசகி, லாஸ்பேட்டை

முதலில் அந்த 3 கார்டையும் கட்டுக்குள் திருப்பி வைத்துவிடுங்கள். எந்த இடத்துக்கு என்று சொல்லாமல் எடுத்த கார்டுக்குப் பொருள் சொல்ல வழியில்லை. கூடுதலாக எடுத்தே ஆக வேண்டும் என்றால், புரியாத ஒரு கார்டைக் குறித்து, அதற்காக ஒன்றே ஒன்று எடுப்பதுதான் என் வழக்கம்.

இப்போது அந்த ஐந்தையும் மேசையில் பரப்பி, பொருள் பார்க்காமல் இனத்தை மட்டும் எண்ணுங்கள். பென்டக்கிள்ஸ் இரண்டு, கப்ஸ் ஒன்று, ஸ்வோர்ட்ஸ் ஒன்று, எந்த இனத்திலும் சேராத பெரிய கார்டு ஒன்று, அதுதான் சன். வாண்ட்ஸ் ஒன்றுகூட இல்லை. புதிதாகத் தொடங்கும் வேகத்தையும் தொழில் ஆசையையும் பேசுவது வாண்ட்ஸ்தான். கடை போடலாமா என்று கேட்ட கேள்விக்கு அந்த இனமே வரவில்லை என்றால், இந்த விரிப்பு கடையைப் பற்றிப் பேசவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். பணத்தையும் கிளம்புவதையும் பற்றித்தான் பேசுகிறது.

அடுத்து, உங்களைக் குழப்பிய இரண்டு கார்டுகள். பலரும் வைத்திருக்கும், 1909-இல் வெளிவந்த ரைடர்-வெய்ட் கட்டின் படங்களையே பாருங்கள். ஃபோர் ஆஃப் பென்டக்கிள்ஸில் ஒருவன் ஒரு காசைத் தலையில் வைத்து, ஒன்றை மார்போடு அணைத்து, இரண்டைக் காலால் மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அசைந்தால் காசு விழும். எயிட் ஆஃப் கப்ஸில் ஒருவன் அடுக்கி வைத்த கோப்பைகளை விட்டுவிட்டு, நிலா வெளிச்சத்தில் முதுகைக் காட்டி நடக்கிறான். முன்னது பணத்தின் இனம், வெளியே தெரியும் நிலை என்ற இடத்தில் இருக்கிறது. பின்னது மனசின் இனம், உள்ளே என்ற இடத்தில் இருக்கிறது. இரண்டும் ஒரே விஷயத்தைப் பேசவே இல்லை.

இந்த மாதிரி இடத்தில் நான் செய்வது இதுதான்: இரண்டு கார்டுக்கும் நடுவில் மனசில் ஓடும் ‘ஆனால்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘அதனால்’ என்று போட்டுப் பார்ப்பேன். மனசு எப்போதோ கிளம்பிவிட்டது, அதனால்தான் கை காசை இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. இந்த வாக்கியம் உங்களுக்குச் சுருக்கென்று படுகிறதா? படவில்லை என்றால் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: காசை இவ்வளவு நாள் இறுக்கிப் பிடித்தேன், அதனால்தான் மனசு விட்டுப்போயிற்று. இரண்டில் எது உங்கள் கதை என்பது உங்களுக்குத்தான் தெரியும். கார்டு அதைச் சொல்லாது.

தடையில் சன் வந்தது பலரையும் தடுமாற வைக்கும். நல்ல கார்டு என்று மனப்பாடம் செய்திருப்போம், இடத்தை மறந்துவிடுவோம். தடை என்ற இடத்தில் நல்ல கார்டு வந்தால், நல்லதாக இருக்கும் ஏதோ ஒன்றே காலைக் கட்டியிருக்கிறது என்று பொருள். ஒழுங்காக வரும் சம்பளமாக இருக்கலாம், பிள்ளையின் பள்ளிக்கூடமாக இருக்கலாம். வெள்ளைக் குதிரையில் உட்கார்ந்திருக்கும் அந்தக் குழந்தையைப் பார்த்ததும் உங்களுக்கு யார் நினைவு வருகிறது?

சரி, இந்த விரிப்பில் முடிச்சை அவிழ்ப்பது ஆலோசனைக் கார்டுதான். டூ ஆஃப் பென்டக்கிள்ஸில் இளைஞன் இரண்டு காசுகளை ஒரே கயிற்று வளையத்தில் சுழற்றுகிறான். பின்னால் கப்பல்கள் அலையில் ஏறி இறங்குகின்றன. எதையும் கீழே போடவில்லை. வேலையையும் கடலூரையும் கொஞ்ச நாள் சேர்த்தே சுமந்து பாருங்கள் என்று நான் படிப்பேன். இரண்டு ஊருக்கும் 20 கிலோமீட்டர் சொச்சம்தானே, சனி ஞாயிறு அம்மா வீட்டில் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துப் பார்க்க முடியும். சிக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ் படகும் அவசரப்படவில்லை. துடுப்புக்கு இந்தப் பக்கம் அலை, அந்தப் பக்கம் அமைதியான தண்ணீர். ஆறு வாளும் படகிலேயே கூட வருகின்றன, அதாவது போகிற இடத்துக்குக் கவலையும் வரும்.

இன்னொன்று. உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: வேலையை விடலாமா, ஊர் மாறலாமா, கடை போடலாமா. ஒரே விரிப்பில் மூன்றையும் கேட்டால், ஒரு கார்டு ஒன்றுக்கும் மற்றொன்று வேறொன்றுக்கும் பதில் சொல்வது போலத் தெரியும். முரண்பாட்டில் பாதி அங்கிருந்து வந்ததுதான். அடுத்த வாரம் கடையை மட்டும் கேட்டு 3 கார்டு எடுங்கள். அப்போது வாண்ட்ஸ் வருகிறதா என்று பாருங்கள். மாத வாடகையும் கையிருப்பும் எவ்வளவு என்பதைக் கார்டில் தேடாதீர்கள். அதை ஒரு நோட்டில் தனியாக எழுதி, விரிப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.