நெல் தாள் பட்ட கண், மருந்துக்கடை சொட்டு மருந்து

"பூதப்பாண்டி பக்கம் அறுப்பில் அப்பா கண்ணில் நெல் தாள் குத்தியது. மருந்துக்கடை சொட்டு மருந்தில் சிவப்பு குறைந்தது. ஆறாம் நாள் கருவிழியில் வெள்ளைப் புள்ளி. அதையே தொடரலாமா?"

வேண்டாம், இன்றே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், அந்தப் பாட்டிலோடு. அதில் டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பு குறைந்தது அதனால்தான் இருக்கும். காயத்தோடு போன பூஞ்சையை ஸ்டீராய்டு கொல்லாது, அதை எதிர்க்கும் உடம்பின் கையைக் கட்டிப்போடும். வலி அடங்கியதே என்று நாமும் சும்மா இருந்துவிடுவோம்.

என் மாமாவுக்கு வாழைச் சருகு பட்டு இப்படித்தான் ஆனது. பன்னிரண்டாம் நாள் போனபோது, அரிசிக் குருணை அளவு இருந்த புள்ளி ஓரம் பிசிறிப் பரவியிருந்தது. மரத்துப்போக மருந்து விட்டு, புண்ணிலிருந்து துளி சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நூல் நூலாகப் பூஞ்சை. நேட்டமைசின் 5% சொட்டு மருந்து, முதலில் மணிக்கொரு தடவை. ஆனால் அந்த மருந்து கருவிழிக்குள் ஆழமாக ஊறாது. புண் மேலோட்டமாக இருக்கும்போதே தொடங்கினால்தான் முழுப் பலன். அவருக்கு ஓட்டை விழுந்து, கருவிழி மாற்ற வேண்டியதாயிற்று.

அப்புறம், தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடாதீர்கள். கண்ணை இறுக்கிக் கட்டவும் வேண்டாம். எந்த நாள், எந்தச் செடி, எந்த மருந்து என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.