எட்டு நிமிடமா, எட்டுப் பங்கா?

கேள்வி: ஒரே படத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு மொழிபெயர்ப்பு வருகிறதே, ஏன்? ஒரே மாதிரி வர என்ன செய்வது?

எந்தச் செயலி என்று நீங்கள் எழுதவில்லை. படத்தை அனுப்பினால் பதில் எழுதித் தரும் உரையாடல் வகைச் செயலி என்றே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என்னைத் தவிக்கவிட்டதும் அதுதான்.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு சீன மருந்துக்கடையில் அம்மாவின் இருமலுக்கு மூலிகைப் பொட்டலம் வாங்கி வந்தோம். (சீன மருந்து தேவையா என்பது வேறு பேச்சு; மருத்துவரிடமும் காட்டிவிட்டுத்தான் வாங்கினோம்.) பொட்டலத்தின் மேல் சின்சே, அதாவது சீன வைத்தியர், கையால் ஒரு வரி எழுதியிருந்தார். அதைப் படம் பிடித்து, அதே படத்தை மூன்று முறை அனுப்பினேன். முதல் முறை, மூன்று கிண்ணம் தண்ணீரை எட்டுப் பங்காக வற்றவைக்கச் சொன்னது. அடுத்த முறை, இரண்டு கிண்ணத்தில் எட்டு நிமிடம் கொதிக்கவைக்கச் சொன்னது. மூன்றாம் முறை, மூன்று கிண்ணம், எட்டு நிமிடம் என்றது.

அடுப்பின் முன் நின்றுகொண்டு இப்படி மூன்று பதிலைப் படிப்பது எவ்வளவு கோபத்தைத் தரும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். ஆனால் பதில்களை அருகருகே எழுதிப் பார்த்தபோது, அங்கே இரண்டு வெவ்வேறு குழப்பங்கள் கலந்திருப்பது தெரிந்தது.

முதலாவது, எழுத்தைப் படிப்பதில் வந்தது. சீன எழுத்தில் இரண்டு என்பது இரண்டு படுக்கைக் கோடுகள், மூன்று என்பது மூன்று. பொட்டலத்தின் மடிப்பு, மூன்றின் நடுக்கோட்டின் மேலேயே சரியாக விழுந்திருந்தது. அந்தக் கோடு மையா, மடிப்பின் நிழலா என்பதைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தும் என்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது, பொருள் கொள்வதில் வந்தது. அந்த வரியில் எட்டுக்குப் பின்னால் வரும் எழுத்துக்குப் பங்கு என்றும் பொருள் உண்டு, நிமிடம் என்றும் பொருள் உண்டு. இத்தகைய செயலி அடுத்து வரத்தக்க சொற்களுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று எடைபோட்டு, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து சொல் சொல்லாக எழுதிச் செல்கிறது. தேர்வில் வேண்டுமென்றே சிறிது தற்செயல் கலந்திருப்பதால், எடை ஏறத்தாழச் சமமாக இருக்கும் இடத்தில் ஒருமுறை இதுவும் மறுமுறை அதுவும் வருகின்றன; தெளிவாக எழுதப்பட்ட இடத்தில் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆகவே பதில் எங்கே மாறுகிறது என்பதே எங்கே ஐயம் இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

அதனால் இரண்டு வேலையையும் பிரித்துவிடுங்கள். முதலில், மொழிபெயர்க்க வேண்டாம், படத்தில் உள்ள எழுத்தை அப்படியே படியெடுத்துத் தா, தெளிவில்லாத எழுத்தைக் குறித்துக் காட்டு என்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய உரையாடலைத் தொடங்கி மூன்று முறை கேளுங்கள். பழைய உரையாடலிலேயே தொடர்ந்தால் அது தன் முந்தைய பதிலைப் பார்த்தே எழுதும். படியெடுப்பே மாறினால் குறை படத்தில் இருக்கிறது. நான் தாளைப் புத்தகத்தின் அடியில் வைத்துத் தட்டையாக்கி, ஃபிளாஷ் போடாமல், சன்னல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து எடுத்து, அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி அனுப்பினேன். மூன்று முறையும் மூன்று கிண்ணம் என்றே வந்தது. படத்தைப் புலனத்தின் வழியாக இன்னொரு கைப்பேசிக்கு அனுப்புவதென்றால் ஆவணமாக அனுப்புங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு மெல்லிய கோடுகள் கரைந்துபோகலாம்.

படியெடுத்த எழுத்து நிலையான பிறகு, படத்தை விட்டுவிட்டு அந்த எழுத்தை மட்டும் மொழிபெயர்க்கக் கொடுத்தேன். அப்போது மூன்று முறையும் எட்டு நிமிடம் என்றே வந்தது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன்: நிலையாக வருவதெல்லாம் சரியாக வருவது ஆகாது. மூலிகையைக் கொதிக்கவைக்கும் எவருக்கும் எட்டு நிமிடம் போதாது என்று தோன்றும். எனவே, இது சீன மூலிகைக் கஷாயம் காய்ச்சும் குறிப்பு என்று ஒரே ஒரு வாக்கியத்தை முன்னால் சேர்த்து, மூல மொழி சீனம் என்றும் குறிப்பிட்டு மீண்டும் கேட்டேன். மூன்று கிண்ணம் தண்ணீர், ஒரு கிண்ணத்தில் பத்தில் எட்டுப் பங்கு ஆகும் வரை வற்றவிட வேண்டும் என்று வந்தது. ஐந்து முறை கேட்டும் சொற்கள் சற்றே மாறினவே தவிர அளவு மாறவில்லை.

நிரல் எழுதி இதைச் செய்பவர்கள், தேர்வில் எவ்வளவு தற்செயல் கலக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் `temperature` அளவை 0 ஆக வைக்கச் சொல்வார்கள். அது மாறுபாட்டைப் பெரிதும் குறைக்கும் என்பது உண்மை, ஆனால் மடிப்பில் மறைந்த கோட்டை அது மீட்டுத் தராது. தவறாகப் படித்திருந்தால் அதே தவற்றைத்தான் திரும்பத் திரும்பத் தரும்.

கடைக்குத் தொலைபேசியில் அழைத்து மலாயில் கேட்டேன். மூன்று கிண்ணம் ஊற்றி, ஒரு கிண்ணம் நிறையாத அளவுக்கு வற்றவிடுங்கள் என்றார் கடைக்காரர். அதன் பிறகே அடுப்பைப் பற்றவைத்தேன்.