கதை சொல்லப் பழக எந்தப் புத்தகம் வாங்கலாம்?

கேள்வி: மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். கதையை வாசித்துக் காட்டாமல் குரலை மாற்றி, நடுவே நிறுத்தி, கை அசைத்துச் சொல்ல ஆசை. ஆன்லைனில் தேடினால் ஆங்கிலத்தில் நிறைய வருகிறது, விலையும் அதிகம். எதை வாங்கினால் பணம் வீணாகாது?

பதில்: முதல் புத்தகத்துக்குப் பணமே கொடுக்க வேண்டாம். மேரி ஷெட்லாக் எழுதி 1915-இல் வந்த 'தி ஆர்ட் ஆஃப் தி ஸ்டோரி டெல்லர்' காப்புரிமைக் காலம் முடிந்த புத்தகம். புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அவரும் ஆசிரியையாக இருந்தவர்தான். கதை சொல்லும் உத்திகள் பற்றிய அத்தியாயத்தில் மௌனத்தையும் சைகையையும் பேசுகிறார். கதைக்கு நடுவே கேள்வி கேட்பது, அளவுக்கு மீறி விளக்குவது என்று ஆசிரியர்களிடம் சாதாரணமாகக் காணும் பழக்கங்களையும் சுட்டிக்காட்டுகிறார். நடை பழையது, ஆனாலும் அந்த இரண்டு பகுதிகளை மட்டும் படித்தால் போதும்.

இதே புத்தகத்தை யார் யாரோ அச்சிட்டு நல்ல விலைக்கு விற்கிறார்கள். இப்படி வருபவற்றில் பக்கம் விட்டுப்போவதும் எழுத்து சிதைந்திருப்பதும் உண்டு. உள்பக்கப் படம் காட்டாத, பதிப்பகத்தின் பெயர் தெளிவாக இல்லாத பிரதியைத் தவிர்த்துவிடுங்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால், பார்சல் வந்த அன்றே பொருளடக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் சரிபாருங்கள். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-இன் மின்வணிக விதிகளே சொல்கின்றன.

காசு கொடுத்து வாங்க வேண்டியது வேறு வகை. பக்கத்தைப் பார்த்ததுமே எங்கே மூச்சு விட வேண்டும் என்று தெரிய வேண்டும். மார்கரெட் ரீட் மெக்டொனால்டின் 'ட்வென்டி டெல்லபிள் டேல்ஸ்' அப்படிப்பட்டது. முதலில் 1986-இல் வந்தது. கதைகளைப் பத்தியாக அச்சிடாமல், பேச்சில் எங்கே நிற்கிறோமோ அங்கே வரியை உடைத்திருக்கிறார். கேட்பவர்களும் சேர்ந்து சொல்லும் பல்லவி வரிகள் கொண்ட கதைகள் அவை. 2005-இல் மறுபதிப்பும் வந்தது. நல்ல நிலையில் இருந்தால் பழைய பிரதியே போதும்.

வரி உடைப்பால் என்ன லாபம் என்று நமக்குத் தெரிந்த வடைக் கதையிலேயே பார்க்கலாம். வாசிப்புப் புத்தகத்தில், 'காகம் வடையுடன் மரத்தில் அமர்ந்தபோது அவ்வழியே ஒரு நரி வந்தது' என்று ஒரே வாக்கியமாக இருக்கும். சொல்வதற்கென்றால் இப்படி எழுதிக்கொள்ளலாம்:

காகம் வடையைக் கவ்விக்கிட்டு
பறந்தது... பறந்தது...
ஒரு கிளையில் உட்கார்ந்தது.

கீழே

ஒரு நரி.

'உட்கார்ந்தது' வரை உங்கள் கண் மேலே இருக்கட்டும். 'கீழே' என்று சொல்வதற்கு முன்பே பார்வை இறங்கிவிட வேண்டும். பிள்ளைகளும் உங்கள் கண்ணோடு இறங்குவார்கள். அப்புறம் நிறுத்தம். 'நரி' என்பதைக் குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள். பலரும் 'ஒரு நரி!' என்று கத்திவிட்டுத்தான் நிறுத்துவார்கள். அந்த நிறுத்தத்தில் பிள்ளைகள் எதிர்பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. கையும் அப்படித்தான். சொல்லுக்கு ஒரு நொடி முந்தினால் உயிர் வரும், பிந்தினால் ஒப்பித்தலாகத் தெரியும்.

நிறுத்தம் சரியா என்பதை வகுப்பே காட்டிவிடும். பிள்ளைகள் உங்களைப் பார்த்தபடியே 'நரி' என்று முந்திக்கொண்டால் சரியாக இருக்கிறது. பக்கத்துப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தால் நீண்டுவிட்டது.

ஆகவே எந்தப் புத்தகத்தையும் வாங்குமுன் மாதிரிப் பக்கத்தில் ஒரு கதையைத் திறந்து உரக்கப் படியுங்கள். ஒரு வாக்கியம் முடியுமுன் மூச்சு முட்டுகிறதா? வர்ணனை அதிகமாகி, பேச்சு வரிகள் குறைந்து, திரும்பத் திரும்ப வரும் வரி ஒன்றுகூட இல்லையா? அது வாசிப்புக்கான தொகுப்பு. உறையில் 'கதை சொல்லும் கலை' என்று போட்டிருந்தாலும் விட்டுவிடுங்கள். குரல், உடல்மொழி என்று அத்தியாயத் தலைப்புகள் மட்டும் இருந்து, ஒரு கதைகூட முழுதாக இல்லாத புத்தகமும் உங்களுக்கு உதவாது.

தமிழில் வாங்க நினைத்தால் கி. ராஜநாராயணன் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளைப் பாருங்கள். வாய்மொழியில் புழங்கிய கதைகள் என்பதால் சொல்லுக்குச் சுலபமாக வரும். எல்லாக் கதையும் குழந்தைகளுக்கானதல்ல, அதனால் முன்கூட்டியே படித்துப் பொறுக்கிக்கொள்ளுங்கள். நிறுத்தக் குறிப்பு அவற்றில் இருக்காது. பென்சிலால் நீங்களே வரி உடைக்க வேண்டும். மெக்டொனால்டின் இரண்டு மூன்று கதைகளைப் பார்த்த பிறகு அது கைவந்துவிடும்.