நட்சத்திரத்துக்கு முகவரி எப்படி எழுதுகிறார்கள்?

"நட்சத்திரப் பட்டியலில் 6ம 45நி, −16° 43′ என்று போட்டிருக்கிறதே, அது என்ன?"

அது சிரியஸின் முகவரி. பூமியின் அட்சரேகை, தீர்க்கரேகைக் கோடுகளை அப்படியே வானத்தில் அச்சடித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். நம் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானிலும் ஒரு நடுக்கோடு. அதிலிருந்து வடக்கே எவ்வளவு, தெற்கே எவ்வளவு என்பது நடுவரை விலக்கம். கழித்தல் குறி இருந்தால் தெற்கு. சிரியஸ் கிட்டத்தட்ட 17 பாகை தெற்கே இருக்கிறது.

கிழக்கு நோக்கி அளப்பது வல ஏற்றம். பூமியில் தீர்க்கரேகை தொடங்கும் கிரீன்விச் இதற்கு உதவாது, பூமியோடு அதுவும் சுற்றுகிறதே! அதனால் மார்ச் 20 வாக்கில் சூரியன் வானின் நடுக்கோட்டைத் தாண்டி வடக்கே போகும் புள்ளியைப் பூஜ்யமாக வைத்தார்கள்.

சரி, இதை ஏன் மணியில் சொல்கிறார்கள்? வானம் சுமார் 24 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால், ஒரு மணிக்கு 15 பாகை. திருவாதிரையின் வல ஏற்றம் 5ம 55நி. வடக்கு தெற்காக நம் உச்சந்தலை வழியே போகும் கோட்டை அது கடந்து 50 நிமிடம் கழித்து சிரியஸ் கடக்கும். கடிகாரம் வைத்தே பார்க்கலாம். சென்னை 13 பாகை வடக்கே இருப்பதால், அப்போது சிரியஸ் உச்சந்தலைக்கு 30 பாகை தெற்கே, அதாவது தென் அடிவானத்திலிருந்து 60 பாகை உயரத்தில் நிற்கும்.

பலர் இரண்டு எண்ணிலும் வரும் 'நிமிடம்' ஒன்றுதான் என்று நினைக்கிறார்கள். இல்லை, விலக்கத்தில் ′ குறியோடு வரும் நிமிடம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. வானின் நடுக்கோட்டருகே வல ஏற்றத்தின் ஒரு நிமிடம், விலக்கத்தின் 15 நிமிடத்துக்குச் சமம்.