டிக்கெட்டை மூடிய பிறகு

வணக்கம் அண்ணா. நான்கு வருடமாக எல்2 சப்போர்ட்டில் இருக்கிறேன். எஸ்க்யூஎல் நன்றாக வரும், லாக் படிப்பேன். ஜாவா கோர்ஸ் இரண்டு முடித்துவிட்டேன். ஆனாலும் இன்டர்வியூவில் "என்ன டெவலப் பண்ணியிருக்கீங்க?" என்றால் சொல்ல ஒன்றுமில்லை. ரெஸ்யூமேயில் இரண்டு வருட டெவலப்மெண்ட் அனுபவம் என்று போட்டுவிடு என்கிறார்கள் நண்பர்கள். போடலாமா? எப்படித் தயாராவது?
— எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

போடாதீர்கள். நான் இன்டர்வியூ எடுக்கும்போது, "நீங்க எழுதினதுல எது புரொடக்ஷன்ல உடைஞ்சது, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்பேன். எழுதாதவரால் அதற்கு மேல் பேச முடியாது.

மூன்றாவது கோர்ஸும் வேண்டாம். வாரம் தவறாமல் வரும் டிக்கெட் ஒன்று உங்களிடமும் இருக்கும். அதை எடுங்கள். நான் சப்போர்ட்டில் இருந்தபோது எனக்கு வந்தது, ஒரே பேமெண்ட் இரண்டு முறை பதிவாகும் டிக்கெட். திங்கட்கிழமை காலையில் ஸ்கிரிப்ட்டை ஓட்டி இரண்டாவது வரியை நீக்கிவிட்டு டிக்கெட்டை மூடுவேன். அந்த வரி ஏன் வந்தது என்று பல மாதம் நான் கேட்கவே இல்லை.

ஒருநாள் லாக்கை நிதானமாகப் பார்த்தேன். ஒரே ஆர்டர் எண்ணுக்கு, கண் சிமிட்டும் நேரத்துக்குள், இரண்டு கோரிக்கைகள். வாடிக்கையாளர் பட்டனை இரண்டு முறை அழுத்தியிருக்கிறார். புரோகிராம் முதலில் `SELECT` செய்து "ஏற்கெனவே இருக்கிறதா?" என்று பார்க்கிறது, இல்லையென்றால் `INSERT` செய்கிறது. இரண்டு கோரிக்கையும் ஒரே சமயத்தில் பார்த்தால் இரண்டுக்குமே "இல்லை" என்ற பதில்தான் கிடைக்கும். அதனால் இரண்டுமே எழுதிவிடும்.

இதை வீட்டில் புதிதாகக் கட்டுங்கள். ஸ்பிரிங் பூட்டில் ஒரு சின்ன ஏபிஐ, போஸ்ட்கிரெஸ்ஸில் `payment` என்று ஒரு டேபிள் போதும். அதில் கோரிக்கையின் எண்ணை வைக்க `request_id` என்ற நெடுவரிசை இருக்கட்டும். அலுவலகக் கோடு, டேபிள் பெயர், கிளையண்ட் டேட்டா எதுவும் அதற்குள் வரக்கூடாது. முதலில் தவறான வடிவத்தையே எழுதுங்கள். அப்புறம் இரண்டு த்ரெட்களை ஒன்றாக அவிழ்த்துவிட்டு, டேபிளில் ஒரு வரிதான் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஒன்று. சில சமயம் அது பாஸ் ஆகிவிடும், ஏமாறாதீர்கள். `SELECT`-க்கும் `INSERT`-க்கும் நடுவில் `Thread.sleep(200)` வைத்தால் தவறு பளிச்சென்று தெரியும்.

இனி சரிசெய்யும் வேலை. எல்லோரும் முதலில் `@Transactional` போட்டுப் பார்ப்பார்கள். போட்டாலும் இரண்டு வரி விழும். போஸ்ட்கிரெஸ் சாதாரணமாக இருக்கும் நிலையில், ஒரு டிரான்ஸாக்ஷன் கமிட் செய்யாத வரி மற்றொன்றின் கண்ணுக்குத் தெரியாது. அடுத்து `@Transactional`-ஐ எடுத்துவிட்டு `synchronized` போட்டால் சரியானதுபோல் தோன்றும். அதே புரோகிராமை 8081 போர்ட்டில் இன்னொரு முறை ஓட்டி, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் கோரிக்கை அனுப்புங்கள். திரும்பவும் இரண்டு வரி, ஏனென்றால் அந்தப் பூட்டு ஒரு புரோகிராமுக்குள் மட்டும்தான். காவல் டேட்டாபேஸில் இருக்க வேண்டும்:

```sql
ALTER TABLE payment
ADD CONSTRAINT uq_request UNIQUE (request_id);
```

பக்கம் திறக்கும்போதே ஒரு `request_id` உருவாக்கிவிட்டால், எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண்தான் வரும். டேபிளில் பழைய இரட்டை வரிகள் இருந்தால் மேலே உள்ள கட்டளை பிழை தரும். முதலில் அவற்றை நீக்க வேண்டும், அது உங்களுக்குக் கைவந்த வேலை. இனி இரண்டாவது கோரிக்கைக்கு `DataIntegrityViolationException` வரும். அதை அப்படியே 500 பிழையாகத் திருப்பி அனுப்பாமல், டிரான்ஸாக்ஷனுக்கு வெளியே பிடித்து, முதலில் பதிவான பேமெண்ட்டை எடுத்துக் கொடுங்கள்.

தோற்ற முயற்சிகளையும் தனித்தனி கமிட்டாக கிட்ஹப்பில் விட்டுவையுங்கள். நான் ரெஸ்யூமே பார்க்கும்போது முடிந்த புரோகிராமை விட அந்த கமிட் வரிசையைத்தான் ஆர்வமாகப் படிப்பேன்.

ஷிப்ட்டுக்கு நடுவில் தினம் ஒன்றரை மணிநேரம் ஒதுக்கினால் ஒரு டிக்கெட்டுக்கு ஆறு வாரம் பிடிக்கும். ஆறு மாதத்தில் மூன்று முடிக்கலாம், இடையில் தடங்கல் வந்தாலும் சமாளிக்கலாம். இரண்டாவதற்கு, திறக்க நேரமெடுக்கும் ஒரு திரை. மூன்றாவதற்கு, இரவில் பாதியில் நின்றுபோய், திரும்ப ஓட்டினால் பாதி டேட்டாவை மறுபடி எழுதும் பேட்ச் ஜாப். சில கம்பெனிகளில் முதல் சுற்றே ஆன்லைன் கோடிங் டெஸ்ட் என்பதால், வார இறுதியில் அர்ரே, ஸ்டிரிங், ஹேஷ்மேப் கணக்குகள் கொஞ்சம் போடுங்கள்.

வெளியே போகும் முன் உள்ளேயே ஒருமுறை கேளுங்கள். அடுத்த முறை அந்த டிக்கெட் வரும்போது, மூல காரணம் எழுதும் இடத்தில் "டேட்டா சரிசெய்யப்பட்டது" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த கிளாஸில், எந்த மெத்தடில் தவறு, என்ன மாற்றினால் நிற்கும் என்று எழுதி டெவலப்மெண்ட் லீடுக்கு அனுப்புங்கள். "இந்த ஒரு பக்கை மட்டும் நான் சரிசெய்கிறேன், நீங்கள் ரிவ்யூ பண்ணுங்கள்" என்று கேளுங்கள். ரிலீஸ் தேதி நெருக்கத்தில் கேட்காதீர்கள், யாருக்கும் நேரம் இருக்காது. ஒத்துக்கொண்டு அந்த ஒரு மாற்றம் புரொடக்ஷனுக்குப் போனால், உங்கள் ரெஸ்யூமேயில் எழுத உண்மையான ஒரு வரி கிடைத்துவிடும்.

எந்த டிக்கெட்டை எடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.