டிக்கெட் எடுத்தாயிற்று, இப்போது இன்சூரன்ஸ் எடுத்தால் ரத்துக்குப் பணம் வருமா?

"அடுத்த மாதம் சென்னை–லண்டன், ரீஃபண்ட் இல்லாத டிக்கெட். அப்பாவை நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இன்று பாலிசி எடுத்தால் ரத்துப் பணம் கிடைக்குமா?"

அப்பாவின் இந்த நோய்க்காக ரத்து செய்தால் கிடைக்காது. பாலிசி எடுக்கும் முன்பே தெரிந்த காரணத்தை இன்சூரன்ஸ் நிறுவனங்கள் ஏற்பதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் அட்மிஷன் தேதி இருக்கும், அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

மருத்துவக் காப்பு பயணம் கிளம்பிய பிறகுதான் தொடங்கும். ரத்துக் காப்போ பொதுவாகப் பாலிசி வாங்கியதிலிருந்தே ஓடும். அதனால் டிக்கெட்டுக்குப் பணம் கட்டிய அன்றே வாங்குவதுதான் சரியான நேரம். பலர் கிளம்பும் வாரத்தில் வாங்கிப் பாதியை வீணாக்குகிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: விமான நிறுவனத்திடம் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பிக் கேளுங்கள். ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டுக்கும் இந்திய விமான நிறுவனங்கள் அவற்றைத் தர வேண்டும் என்பது இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரக விதி. 60,000 ரூபாய் டிக்கெட்டில் அது 9,000 என்றால், பாலிசி இருந்திருந்தாலும் மீதி 51,000க்குத்தான் கிளெய்ம். அதுவும் பாலிசியின் உச்சவரம்பு வரைதான். தேதி மாற்றக் கட்டணத்தையும் விசாரியுங்கள், சில சமயம் அதுவே மலிவு.

வேறு காரணங்களுக்காக இன்று வாங்குவதானால் 'ட்ரிப் கேன்சலேஷன்' பகுதியைப் படியுங்கள். உங்களுக்கோ நெருங்கிய குடும்பத்தினருக்கோ திடீர் நோய், மரணம் என்றால் பெரும்பாலும் உண்டு. மனம் மாறினால் கிடையாது, விசா மறுப்புக்கும் பல பாலிசிகளில் கிடையாது. அப்பாவின் பழைய சர்க்கரை, இதய நோய்களை விலக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.